சம்ப்பும் மாடித் தொட்டியும்: செய்தி வராவிட்டால் மோட்டார் நிற்கட்டும்

அத்தியாயம் 7

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் நான் வேலை பார்த்த ஒரு வீட்டை இந்த அத்தியாயம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன். கீழ்த்தளமும் மாடியும் கொண்ட வீடு. போர்ட்டிகோவுக்கு அடியில் சம்ப், மொட்டை மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. சம்ப்புக்குத் தண்ணீர் சில நாள் போரிலிருந்து வரும், கோடையில் லாரியிலிருந்து வரும். சம்ப்பின் ஓரத்தில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் மானோபிளாக் மோட்டார் அதை மாடிக்கு ஏற்றும்.

இந்த வீட்டில் மோட்டாரை ஓட்டலாமா என்று முடிவு செய்ய இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். மேலே இடம் இருக்கிறதா, கீழே தண்ணீர் இருக்கிறதா? மாடியிலிருந்து கீழே வரை ஒயர் இழுத்தால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆனால் பூச்சு முடிந்த வீட்டில் அந்த ஒயர் வெளிச்சுவரில்தான் இறங்க வேண்டும். வெயிலில் அதன் உறை வெடிக்கும், இணைப்பில் மழைத்தண்ணீர் புகும், இடி இடிக்கும்போது நீளமான அந்த ஒயர் வழியாகவே மின்னழுத்தம் பாய்ந்து கீழே உள்ள போர்டைப் பொசுக்கும். அதனால்தான் மாடித் தொட்டியின் மட்டத்தை வானொலி அலை வழியாகக் கீழே அனுப்புகிறோம்.

ஒயர் அறுந்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். அலையில் வரும் செய்தி நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த அமைப்பில் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை ஒன்றே ஒன்று: மாடியிலிருந்து புதிய செய்தி வந்துகொண்டிருக்கும் வரைதான் மோட்டார் ஓடலாம். செய்தி நின்றால் மோட்டாரும் நிற்க வேண்டும்.

முதலில் நாடாவை எடுங்கள்

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் இரண்டு தொட்டிகளையும் அளந்துவிடுங்கள். இந்த வீட்டுச் சம்ப்பின் உட்பக்கம் 2 மீட்டருக்கு 2 மீட்டர். ஆக, அதில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 40 லிட்டர். மாடித் தொட்டியின் உள்விட்டம் 105 செ.மீ. அதில் ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 8.7 லிட்டர்.

அடுத்து, வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டு, மாடித் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பத்து நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். இங்கே 35 செ.மீ. ஏறியது. அதாவது நிமிடத்துக்கு 3.5 செ.மீ., ஏறத்தாழ 30 லிட்டர்.

மாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் அடியிலிருந்து 115 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மட்டம் 35 செ.மீ.க்கு இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும், 105 செ.மீ. வந்ததும் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இடையில் உள்ள 70 செ.மீ. நிரம்ப 20 நிமிடம் ஆகும். சம்ப்பில் அதற்கு 15 செ.மீ. இறங்கும். இந்த எண்களைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு விதியும் இவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

முடிவெடுக்கும் பெட்டி கீழேதான்

மாடியில் ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. இரண்டில் எது தலைவன்? பலர் மாடிப் பெட்டியைத் தலைவனாக்கி, 'போடு', 'நிறுத்து' என்று கட்டளை அனுப்ப வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் 'போடு' வந்து சேர்ந்து 'நிறுத்து' வழியில் தொலைந்துபோன அன்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

மாடிப் பெட்டி கட்டளை எதுவும் அனுப்பக் கூடாது. தன் மட்டத்தை மட்டும் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்ப்பெட்டி. சம்ப்பின் சென்சாரும் அதனோடு ஒயரிலேயே இணைந்திருக்க வேண்டும். இதில் காரணம் இருக்கிறது. மேலே தண்ணீர் வழிந்தால் நஷ்டம் கொஞ்சம் தண்ணீர்தான். கீழே தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் சில நிமிடங்களிலேயே அதன் சீல் சூடேறிக் கருகிவிடும். ஆபத்து அதிகமுள்ள தகவல் அலையை நம்பி இருக்கக் கூடாது.

மட்டத்தை அளக்கும் சென்சார்

இரண்டு தொட்டிகளிலும் மூடிக்கு அடியில் ஒலி அலைச் சென்சாரைக் கீழ்நோக்கிப் பொருத்தலாம். கடைகளில் எளிதில் கிடைப்பது JSN-SR04T. அதன் முகத்திலிருந்து சுமார் 20 செ.மீ. தூரத்துக்குள் இருக்கும் எதையும் அது சரியாக அளக்காது. தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் நமக்கு அளவு துல்லியமாகத் தேவை, அங்கேதான் அது குருடு. A02YYUW என்ற சென்சாருக்கு அந்தக் குருட்டுத் தூரம் 3 செ.மீ.தான். இங்கே அதையே போட்டோம். சென்சாரின் முகம் தொட்டியின் அடியிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. நிறுத்த வேண்டிய மட்டத்தில் தண்ணீருக்கும் அதற்கும் இடையே 20 செ.மீ. இருக்கும்.

வெயிலில் தொட்டிக்குள் காற்று சூடாகும்போது ஒலியின் வேகம் கூடும், அளவு கொஞ்சம் பிசகும். 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் பிசகு நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு. தண்ணீர் 90 செ.மீ. கீழே இருக்கும்போது அது இரண்டு செ.மீ.யைத் தாண்டும். நிரம்பும் நேரத்தில் தூரம் 20 செ.மீ.தான் என்பதால் அரை செ.மீ. கூட வராது. இதற்காகத் தனியாகத் திருத்தம் செய்யத் தேவையில்லை.

கவனிக்க வேண்டிய பிழை வேறு. மூடிய சம்ப்புக்குள் எப்போதும் ஈரம். சென்சாரின் முகத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றால், தண்ணீர் மிக அருகில் இருப்பதாக அது சொல்லும். அதாவது, காலியான சம்ப்பை 'நிறைந்திருக்கிறது' என்று காட்டும். மாடித் தொட்டியில் இதே பிழை வந்தால் மோட்டார் ஓடாது, வீட்டில் தண்ணீர் வராது, அவ்வளவுதான். சம்ப்பில் வந்தால் மோட்டார் வறண்டு ஓடும். ஒரே பிழை, மேலே தொல்லை, கீழே ஆபத்து. ஆகவே சம்ப்பில் ஒலிச் சென்சாரோடு சாதாரண ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் தொங்க வேண்டும். அதை எங்கே இணைப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

அலை எதில் போகிறது, என்ன சொல்கிறது

சம்ப்புக்கும் மாடித் தொட்டிக்கும் நேர்த்தூரம் 15 மீட்டருக்குள்தான். ஆனால் நடுவே இரண்டு காங்கிரீட் தளங்கள், கம்பியோடு. வீட்டு வைஃபை இந்த வழியில் சில நாள் போகும், சில நாள் போகாது. ரவுட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் தொட்டியும் ஊமையாகிவிடும். அதனால் லோரா தொகுதிகளைப் பயன்படுத்தினோம்.

இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை, ஒரு வாட்டுக்கு மிகாத திறனில், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சந்தையில் 868, 915 என்று எழுதிய தொகுதிகள் வருகின்றன. எழுதியிருப்பது எதுவானாலும் நிரலில் அதிர்வெண்ணை 866 என்று நாம்தான் வைக்க வேண்டும். பக்கத்திலேயே விமானப் படை வளாகம் இருக்கும் ஊர் இது. அனுமதித்த பட்டையை விட்டு ஓர் அடி கூட விலகாதீர்கள்.

```cpp
LoRa.begin(866E6);
LoRa.setSpreadingFactor(7);
LoRa.setSignalBandwidth(125E3);
LoRa.enableCrc();
```

ஆன்டெனாவாகச் சுமார் 8.2 செ.மீ. நீளமுள்ள நேரான ஒயர் போதும். அதை இணைக்காமல் ஒருபோதும் அனுப்பவிடாதீர்கள், தொகுதியின் அனுப்பும் பகுதி கெட்டுவிடும். பெட்டியைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டவும் கூடாது. தொட்டி நிறைய இருக்கும் தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டி காலியாக இருக்கும்போது நன்றாக வரும் செய்தி, நிரம்ப நிரம்ப மங்கும். நாங்கள் மாடிப்படி அறையின் சுவரில், மழை படாத இடத்தில் பொருத்தினோம்.

செய்திக்குள் நான்கே விஷயங்கள்: இந்த வீட்டின் அடையாள எண், ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் வரிசை எண், மட்டம், சென்சார் நலமா என்ற குறி. பக்கத்து வீட்டுக்காரரும் நாளைக்கு இதையே வாங்கிப் பொருத்தலாம் என்பதால் அடையாள எண் வேண்டும். பழைய செய்தியைப் புதியதென்று எண்ணாமல் இருக்க வரிசை எண் வேண்டும். நான்காவதுதான் பலர் விட்டுவிடுவது. சென்சார் ஒயர் கழன்றுவிட்டால் மாடிப் பெட்டி கடைசியாகத் தெரிந்த மட்டத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும். பழைய எண்ணைப் புதுச் செய்தியாக அனுப்புவது மௌனத்தைவிட மோசமானது, ஏனென்றால் கீழ்ப்பெட்டி அதை நம்பிவிடும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

மாடிப் பெட்டி 15 விநாடிக்கு ஒரு முறை சொல்கிறது. ஒரு செய்தி தவறினாலே நிறுத்தினால் மோட்டார் நாள் முழுக்க விட்டுவிட்டு ஓடும். பத்து நிமிடம் பொறுத்தால் தண்ணீர் வழியும். எங்கே கோடு போடுவது?

விடை நாம் முதலில் எடுத்த அளவில் இருக்கிறது. நிறுத்தும் மட்டத்துக்கும் ஓவர்ஃப்ளோவுக்கும் இடையே 10 செ.மீ. நிமிடத்துக்கு 3.5 செ.மீ. ஏறும். அதாவது, நிறுத்தும் மட்டத்தைத் தொடும் கணத்திலேயே செய்தி நின்றுபோனாலும், தண்ணீர் வழிய இன்னும் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. 60 விநாடி என்று வைத்தோம். தொடர்ந்து நான்கு செய்திகள் தவறினால் நிற்கும், அதற்குள் ஏறுவது 3.5 செ.மீ.தான். உங்கள் மோட்டார் வேகமாக ஏற்றுவதாக இருந்தாலோ தொட்டி சிறியதாக இருந்தாலோ இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். எங்கள் 60 விநாடியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் இந்த விதி இன்னொரு விதத்திலும் காப்பாற்றும். மோட்டார் ஒரு ஃபேஸில், மாடிப்படி அறையின் பிளக் வேறு ஃபேஸில் இருக்கலாம். ஒரு ஃபேஸ் மட்டும் போய்விட்டால் மாடிப் பெட்டி அணைந்துவிடும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். செய்தி நின்ற ஒரே நிமிடத்தில் அதுவும் நின்றுவிடும்.

நிறுத்தும் விதிகள் முழுதும் இவ்வளவுதான்:

```cpp
bool stopNow(uint32_t now) {
  if (now - tankSeenAt > 60000UL)     return true;
  if (!tankOk || tankCm >= 105)       return true;
  if (!sumpOk || sumpCm <= 30)        return true;
  if (now - motorOnAt > 30*60000UL)   return true;
  return false;
}
```

முதல் வரி மௌனம். இரண்டாவது மாடித் தொட்டி. மூன்றாவது சம்ப்: ஃபுட்வால்வு தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருப்பதால் 30 செ.மீ.யிலேயே நிறுத்துகிறோம். நான்காவது, எந்தக் காரணம் கொண்டும் 30 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்பது. 20 நிமிட வேலைக்கு ஒன்றரை மடங்கு அவகாசம்.

தொடங்குவதற்கு விதி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். வரிசை எண் வேறு வேறான மூன்று புதிய செய்திகள் அடுத்தடுத்து வந்து, மூன்றும் 35 செ.மீ.க்குக் கீழே என்று சொன்னால்தான் மோட்டார் ஓடும். சம்ப்பிலும் 45 செ.மீ. இருக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பியதும் கீழ்ப்பெட்டி பழைய நினைவில் மோட்டாரைப் போடக் கூடாது. நிறுத்திய நிலையில் விழித்து, மூன்று செய்திக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு மட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்

ஒரு கோடையில் இந்த வீட்டு அம்மா போனில் சொன்னார்: "தம்பி, லாரிக்காரர் ஊத்திட்டுப் போய் அரை மணி நேரம் ஆச்சு. சம்ப் நிறைய தண்ணி இருக்கு. மோட்டார் ஓடுற சத்தமும் கேட்டுது. மேல ஒரு சொட்டு ஏறல."

அப்போது இந்த அமைப்பில் நான் மேலே சொன்ன விதிகள் மட்டுமே இருந்தன. செய்தி வந்துகொண்டிருந்தது, சம்ப்பில் தண்ணீர் இருந்தது. எந்த விதியும் தடுக்கவில்லை. 30 நிமிட வரம்புதான் கடைசியில் நிறுத்தியது. போய்ப் பார்த்தபோது உறிஞ்சும் குழாயில் காற்று அடைத்திருந்தது. லாரி வருவதற்கு முன்பே, வீட்டில் யாரோ மேனுவலில் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் ஃபுட்வால்வுக்குக் கீழே இறங்கும் வரை ஓட்டியிருக்கிறார்கள்.

இரண்டு தொட்டிகளின் மட்டமும் ஒரே இடத்தில் தெரிகிறது என்றால், இதை நான்கு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இந்த மோட்டார் நான்கு நிமிடத்தில் 120 லிட்டர் ஏற்றும். சம்ப்பில் 3 செ.மீ. இறங்க வேண்டும், மாடியில் 14 செ.மீ. ஏற வேண்டும். வீட்டில் குழாய் திறந்திருந்தால் மாடியில் குறைவாக ஏறும் என்பதால் 5 செ.மீ. ஏறினாலே போதும் என்று வைத்தோம்.

சம்ப்பும் இறங்கவில்லை, மாடியும் ஏறவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது, மோட்டார் சும்மா சுற்றுகிறது. சம்ப் 3 செ.மீ. இறங்கியும் மாடி ஏறவில்லை என்றால் தண்ணீர் போகிறது, ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை: ஏறும் குழாயில் இணைப்பு விட்டிருக்கும், அல்லது தோட்டத்து வால்வு திறந்திருக்கும். மாடி ஏறியும் சம்ப் இறங்கவில்லை என்றால், போரிலிருந்தோ லாரியிலிருந்தோ சம்ப்பில் விழுந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சம்ப் சென்சாரின் முகத்தைத் துடையுங்கள்.

மோட்டார் ஓடாத நேரத்திலும் இந்தக் கணக்கு பேசும். நள்ளிரவில் மாடித் தொட்டி மெல்ல இறங்குகிறது, சம்ப் மெல்ல ஏறுகிறது, மாடியில் 4.6 செ.மீ. போனால் சம்ப்பில் ஒரு செ.மீ. கூடுகிறது என்றால், ஃபுட்வால்வு சரியாக மூடவில்லை, ஏறும் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி வருகிறது. மாடி இறங்கியும் சம்ப் ஏறவில்லை என்றால் வீட்டுக்குள் ஃப்ளஷ் தொட்டி ஏதோ ஒன்று ஒழுகுகிறது.

'ஏறவில்லை' என்று கண்டு நிறுத்தினால், மோட்டார் தானாக மறுபடி ஓடக் கூடாது. பஸ்ஸர் அடித்து, ஒருவர் வந்து பார்த்து, பொத்தானை அழுத்திய பிறகுதான் ஓட வேண்டும். செய்தி நின்றதால் நிறுத்தியதாக இருந்தால், செய்தி திரும்பியதும் தானாகவே ஓடலாம்.

யாரும் நிரப்பாமல் சம்ப் ஏறினால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் புறநகர் முழுக்கத் தண்ணீர் நின்றது. தரைமட்டத்தில் மூடி உள்ள சம்ப்களுக்குள் தெருவெள்ளம், சாக்கடையோடு சேர்ந்து இறங்கும். அந்த நேரத்தில் தானியங்கி மோட்டார் என்ன செய்யும்? சம்ப் நிறைந்திருக்கிறது, மாடியில் இடம் இருக்கிறது என்று சாக்கடையை மாடிக்கு ஏற்றிவிடும். பிறகு இரண்டு தொட்டிகளையும் வீட்டின் எல்லாக் குழாய்களையும் கழுவ வேண்டிவரும்.

இதைத் தடுக்க ஒரு விதி போதும். போர் மோட்டாரும் ஓடவில்லை, 'லாரி வந்திருக்கிறது' என்ற பொத்தானையும் யாரும் அழுத்தவில்லை, ஆனால் சம்ப் 5 செ.மீ.க்கு மேல் ஏறிவிட்டது என்றால் மோட்டாரைப் பூட்டிவிட வேண்டும். முந்திய பகுதியில் சொன்ன ஃபுட்வால்வு ஒழுக்கு இந்த விதியைத் தவறாகத் தூண்டலாம். அப்போது மாடித் தொட்டியும் இறங்கியிருக்கும், அதை வைத்துப் பிரித்தறியுங்கள். கீழ்ப்பெட்டியையும் சம்ப்பின் ஓரத்தில் தாழ்வாக வைக்காதீர்கள். சுவரில் நெஞ்சுயரத்துக்கு மேல் இருக்கட்டும்.

மோட்டார் பக்க இணைப்பு

போர்டில் இருக்கும் சின்ன நீல ரிலே மோட்டாரை நேரடியாக இயக்கக் கூடாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. ஒரு நாள் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நிரல் எத்தனை முறை 'நிறுத்து' என்றாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

அந்தக் காயில் ஒயரில்தான் சம்ப்பின் ஃப்ளோட் சுவிட்ச் தொடராக வர வேண்டும். ஆட்டோ, மேனுவல் என்று சுவிட்ச் வைத்தாலும் ஃப்ளோட் இரண்டு வழிக்கும் பொதுவாக இருக்க வேண்டும். காற்று அடைத்த அந்த நாளில் மேனுவல் வழி ஃப்ளோட்டைத் தாண்டிப் போயிருந்தது. இப்போது நிரலே குழம்பினாலும், யாராவது மேனுவலில் போட்டுவிட்டு மறந்தாலும், ஃப்ளோட் கீழே தொங்கினால் மோட்டார் நிற்கும். இந்த இணைப்பையும், கசிவு மின்சாரம் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தண்ணீருக்கு அருகே மின்சாரம் இருக்கும் இடம் இது.

ஒப்படைக்கும் முன்

மோட்டார் ஓடும்போது மாடிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். திரும்பச் செருகுங்கள், மட்டம் 35 செ.மீ.க்குக் கீழே இருந்தால் மூன்று செய்திக்குப் பிறகே ஓட வேண்டும். மோட்டார் ஓடும்போது மாடிச் சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள், அடுத்த செய்தி வந்ததும் நிற்க வேண்டும். மோட்டார் ஓடும்போது ஃப்ளோட் சுவிட்சைக் கையால் தூக்கி, தண்ணீருக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கீழ்ப்பெட்டி என்ன நினைத்தாலும் காண்டாக்டர் விழுந்துவிட வேண்டும். அதை ஆட்டோவில் ஒருமுறை, மேனுவலில் ஒருமுறை செய்யுங்கள்.

கடைசியாக, மாடித் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருக்கும் ஒரு காலையில் செய்திகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பத்து நிமிடம் உட்கார்ந்து எண்ணுங்கள். 40 வர வேண்டும். இரண்டு மூன்று தவறினால் பரவாயில்லை. பாதி தவறினால் ஆன்டெனாவின் இடத்தை மாற்றுங்கள், 60 விநாடியைக் கூட்டாதீர்கள். அந்த 60 விநாடி ஓவர்ஃப்ளோவிலிருந்து கணக்குப் போட்டு வந்தது. அலையின் வசதிக்காக அதை நீட்டினால், வழியும் தண்ணீர் அந்தக் கணக்குக்காகக் காத்திருக்காது.